‘புரிஞ்சுதா?’ன்னு கேட்காதீங்க... ‘சொல்லிக் காட்டுங்க’ன்னு கேளுங்க!
பூச்சிக்கொல்லி துண்டுச்சீட்டின் தமிழைச் சோதிக்க ஓர் எளிய வழி

செஞ்சி பஜாரில் பூச்சிமருந்து வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிற விவசாயியின் பையில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, மருந்து பாட்டில். இன்னொன்று, அதோடு ஒட்டியோ அட்டைப்பெட்டிக்குள் மடித்தோ வைக்கப்பட்ட துண்டுச்சீட்டு. பாட்டில் கொல்லைக்குப் போய்ச் சேரும். துண்டுச்சீட்டு பெரும்பாலும் வரப்பிலேயே பறந்துவிடும். பிரித்துப் பார்த்தவர்களைக் கேட்டால், “தமிழ்லதாங்க இருக்கு, ஆனா தமிழ் மாதிரி இல்லைங்க” என்பார்கள்.

இந்தத் துண்டுச்சீட்டு வெறும் விளம்பரத்தாள் இல்லை. 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, ஒவ்வொரு பாட்டிலோடும் கட்டாயம் இருக்க வேண்டிய தாள். இந்தி, ஆங்கிலம், கூடவே அந்த மருந்து விற்கப்படும் பகுதியின் மொழி ஒன்றோ இரண்டோ இருக்க வேண்டும் என்கிறது விதி. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு அளவு, எப்படித் தெளிப்பது, உடம்புக்குள் போனால் என்ன அறிகுறி, என்ன முதலுதவி, முறிவு மருந்து என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆகவே, ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கித்தான் அச்சடிக்கிறார்கள். சட்டம் கேட்பது அந்த மொழியில் அச்சிட்ட தாளை. அதைப் படிப்பவருக்கு விளங்கியதா என்பதை வேறு யாராவதுதான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. அந்தத் தாளைப் பயன்படுத்தப்போகிற ஐந்தாறு பேரிடம் கொடுத்து, ‘இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக் காட்டுங்கள்’ என்று கேட்டாலே போதும். உழவர் உற்பத்தியாளர் குழு, மகளிர் குழு, தன்னார்வ அமைப்பு என்று தமிழில் துண்டுச்சீட்டு அச்சடிக்கும் யாரும் இதைச் செய்யலாம்.

ஈராக்கில் நடந்தது

துண்டுச்சீட்டு புரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத ஒரு பாடம் உண்டு. 1971-ல் ஈராக் நாடு மெக்சிகோவிலிருந்து விதைக் கோதுமையை இறக்குமதி செய்தது. பூஞ்சண நோய் வராமல் இருக்கப் பாதரசம் கலந்த மருந்தால் நேர்த்தி செய்யப்பட்ட விதை அது. ‘இது உண்பதற்கல்ல’ என்று தெரிவதற்காகச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். ஆனால், மூட்டையில் எச்சரிக்கை இருந்தது ஸ்பானிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும். பல ஊர்களுக்கு விதைப்புக்காலம் முடிந்த பிறகுதான் மூட்டை போய்ச் சேர்ந்தது. வீட்டில் இருந்த கோதுமையை மாவாக்கி ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அவர்களில் 459 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள்.

எச்சரிக்கையை அந்த ஊர் மொழியில் போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றுதான் உடனே தோன்றும். நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் அது மட்டும் போதாது என்று தெரிகிறது. விதையில் ஏதோ மருந்து இருக்கிறது என்று தெரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள். சிலர் விதையைக் கழுவினார்கள். சாயம் போனதும் விஷமும் போய்விட்டது என்று எண்ணினார்கள். வேறு சிலர் கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுப் பார்த்தார்கள். சில நாள் வரை ஒன்றும் ஆகவில்லை. அந்த விஷம் உடம்பில் வேலையைக் காட்டப் பல வாரங்கள் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

‘விஷம்’ என்ற ஒரு சொல்லைச் சரியாக மொழிபெயர்ப்பது ஒரு வேலை. ‘கழுவினாலும் போகாது, இன்றைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் பிறகு ஆகும்’ என்று படிப்பவர் மனதில் பதிவது வேறு வேலை. அவர் மனதில் என்ன பதிந்தது என்பதை அவர் வாயால் சொல்லச்சொல்லித்தான் அறிய முடியும்.

ஒரு தாள், ஆறு பேர்

செஞ்சி வட்டாரத்தில் ஒரு குழு, கத்தரிக்கான ஒரு பூச்சிக்கொல்லியின் துண்டுச்சீட்டைத் தன் உறுப்பினர்களுக்காகத் தமிழில் எழுதிக் கொடுக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. எந்த மருந்தின் பரிந்துரையும் அல்ல. ஆனால், தாளின் அமைப்பும் அதில் மனிதர்கள் தடுமாறும் இடங்களும் நிஜமான துண்டுச்சீட்டுகளில் பார்க்கக்கூடியவைதான்.

முதல் வேலை, ‘சரியான விடை’ எது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. இதை மொழிபெயர்த்தவர் தனியாகச் செய்யக் கூடாது. ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேளாண் அலுவலரிடமோ, திண்டிவனத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு எழுத வேண்டும். விடை தெரியாமல் சோதனைக்குப் போனால், படிப்பவர் தப்பாகச் சொன்னதும் நமக்குச் சரியாகத் தோன்றிவிடும்.

இரண்டாவது, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. சங்கத் தலைவரும் விவசாயப் படிப்பு படித்தவரும் வேண்டாம். அவர்களுக்குத் தாள் இல்லாமலே விஷயம் தெரியும். தன் நிலத்தில் தானே மருந்து அடிக்கிற விவசாயி இருவர், கூலிக்கு மருந்து அடிப்பவர் ஒருவர், கத்தரி பறிக்கப் போகும் பெண்கள் இருவர், அப்பாவுக்குப் படித்துக் காட்டும் பள்ளிப் பிள்ளை ஒருவர் என்று ஆறு பேர் போதும். படிக்கத் தெரியாதவரை ஒதுக்க வேண்டாம். அவருக்கு வீட்டில் எப்படி வாசித்துக் காட்டுவார்களோ அப்படியே ஒருவர் வாசித்துக் காட்டலாம். காதால் கேட்கும்போது நீளமான வாக்கியம் எங்கே அறுந்துபோகிறது என்பது உடனே தெரியும்.

மூன்றாவது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவது. ஆறு பேரையும் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டால், முதலில் ஒருவர் பதில் சொல்வார். மற்ற ஐந்து பேரும் “ஆமாங்க, அதேதான்” என்பார்கள். கேட்பவர் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: “இது உங்களுக்குப் பரீட்சை இல்லைங்கய்யா. நாங்க எழுதினதுக்குத்தான் பரீட்சை. எங்க விளங்கலையோ, அங்க நாங்க தப்பா எழுதியிருக்கோம்னு அர்த்தம்.”

பிறகு கேள்வி. ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியை அன்றைக்கு மறந்துவிட வேண்டும். அந்தக் கேள்விக்கு மரியாதைக்காகவாவது ‘புரிஞ்சுதுங்க’ என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, ‘உங்க டேங்க்ல எவ்வளவு ஊத்துவீங்க?’, ‘இதை உங்க மருமகனுக்குச் சொல்றதா இருந்தா எப்படிச் சொல்வீங்க?’, ‘எங்க நின்னு அடிப்பீங்க, காட்டுங்க’ என்று கேட்க வேண்டும். தாள் அவர் கையிலேயே இருக்கலாம். தேடிப் பார்த்துச் சொல்லலாம். அவர் சொன்னதை நம் தமிழில் திருத்தாமல், அவர் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு இருபது நிமிடம் போதும்.

முதல் தடுமாற்றம்: அளவு

தாளில் இப்படி ஒரு வரி இருக்கிறது: ‘ஹெக்டேருக்கு அளவு - செயல்படு பொருள் 100 கிராம், தயாரிப்பு 500 மி.லி., நீர் 500 லிட்டர்.’

இதில் மொழிபெயர்ப்புத் தப்பு எதுவும் இல்லை. ‘டேங்க்ல எவ்வளவு ஊத்துவீங்க?’ என்று கேட்டவுடன்தான் குழப்பம் வெளியே வரும். ஒருவர், “100 கிராம் போடணும்” என்பார். அது பாட்டிலுக்குள் கரைந்திருக்கும் விஷப்பொருளின் எடை. நாம் அளந்து ஊற்ற வேண்டியது 500 மி.லி. என்ற எண்ணை வைத்துத்தான். ‘செயல்படு பொருள்’ என்ற சொல் அவருக்கு எதையும் சொல்லவில்லை. அதனால், முதலில் கண்ணில் பட்ட எண்ணை எடுத்துக்கொண்டார்.

இன்னொருவர், “ஏக்கருக்கு அரை லிட்டர்” என்பார். ஹெக்டேர் என்பதை அவர் ஏக்கராகவே படித்துவிட்டார். ஒரு ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். அப்படியானால் அவர் அடிக்கப்போவது இரண்டரை மடங்கு விஷம். மூன்றாமவர், “நமக்கு காணிக் கணக்குதாங்க” என்பார். பழைய தென்னார்க்காடு பகுதியில் ஒரு காணி என்பது சுமார் 1.32 ஏக்கர். தாள் எழுதியவர் மனதில் காணி என்ற சொல்லே இருந்திருக்காது.

திருத்தும்போது கணக்கை நாமே போட்டுக் கொடுத்துவிடலாம். ஹெக்டேருக்கு 500 மி.லி. மருந்து, 500 லிட்டர் தண்ணீர் என்றால், ஏக்கருக்கு 200 மி.லி. மருந்து, 200 லிட்டர் தண்ணீர். அதாவது, லிட்டருக்கு 1 மி.லி. ஆக, 10 லிட்டர் டேங்குக்கு 10 மி.லி., 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயருக்கு 16 மி.லி. தாளில் இந்தக் கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். 100 கிராம் என்ற எண் குழுவின் தாளில் தேவையே இல்லை.

இதே கேள்வி இன்னொன்றையும் கொண்டுவரும். “ஏக்கருக்கு 20 டேங்க் யாருங்க அடிக்கிறா? 10 டேங்க்தான் அடிப்போம்” என்று ஒருவர் சொல்லலாம். இது எழுத்தின் குறை அல்ல. தாளுக்கும் வயலுக்கும் உள்ள இடைவெளி. தண்ணீரைப் பாதியாக்கி மருந்தை அப்படியே ஊற்றினால் கரைசல் இரண்டு மடங்கு காரமாகிவிடும். இதற்குப் பதிலைக் குழு தானாக எழுதிவிடக் கூடாது. குறித்துக்கொண்டு வேளாண் அலுவலரிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது தடுமாற்றம்: காத்திருப்பு

தாளில் ‘காத்திருப்புக் காலம்: 7 நாட்கள்’ என்று இருக்கிறது. ஆங்கில மூலத்தில் இருப்பது, கடைசியாகத் தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள் கணக்கு. தமிழில் அது இரண்டே சொல்லாகச் சுருங்கிவிட்டது. எதற்காகக் காத்திருப்பது என்பது காணாமல்போய்விட்டது.

மருந்து அடிப்பவர் அதை, “ஏழு நாள் கழிச்சு அடுத்த மருந்து அடிக்கணும்” என்று சொல்வார். அவர் எண்ணம் எப்போதும் அடுத்த தெளிப்பைப் பற்றியதுதான். கத்தரி பறிக்கும் பெண், “ஏழு நாளைக்குக் கொல்லைக்குள்ள போகக்கூடாதுன்னு போட்டிருக்கு” என்பார். இருவரும் தாளைத்தான் படித்தார்கள். இரண்டு வேறு தாள்களைப் படித்தது போலப் பதில் வருகிறது. ஒரே வரிக்கு ஆளுக்கொரு பொருள் வந்தால், குறை ஆளிடம் இல்லை, வரியிடம்தான் என்று தீர்மானிக்கலாம்.

‘மருந்து அடித்த பிறகு 7 நாட்கள் வரை காய் பறிக்கக் கூடாது. பறித்தால் விற்கவும் கூடாது, சமைக்கவும் கூடாது’ என்று எழுதினால் விளங்கும். ஆனால் அப்படி எழுதிக் காட்டியதும், “கத்தரியை நாலு நாளைக்கு ஒருதடவை பறிக்கிறோமே, நடுவுல வர்ற காயை என்ன பண்றது?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி வருகிறது என்றால், வரி விளங்கிவிட்டது என்று பொருள். விற்பனைக்கான காய்களை எல்லாம் பறித்து முடித்த கையோடு மருந்து அடிப்பது, இடையில் முற்றும் காயைச் சந்தைக்கு அனுப்பாமல் இருப்பது என்று அந்தப் பதிலையும் தாளில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது தடுமாற்றம்: உயிர் போகும் வரி

முதலுதவிப் பகுதியில் மூன்று வரிகள். ‘விழுங்க நேரிட்டால் வாந்தி எடுக்கத் தூண்டுதல் கூடாது. அறிகுறிகளுக்கேற்பச் சிகிச்சை அளிக்கவும். மாற்று மருந்து: குறிப்பிடத்தக்க மாற்று மருந்து இல்லை.’

‘யாராவது தெரியாம குடிச்சிட்டா என்ன செய்வீங்க?’ என்று கேட்டால், தாளைக் கையில் வைத்துக்கொண்டே, “உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைப்போம்” என்று சொல்பவர் இருப்பார். அவர் படிக்காமல் சொல்லவில்லை. காலம் காலமாகக் கேட்டு வளர்ந்த விஷயம் மனதில் இருக்கும்போது, ‘வாந்தி’ என்ற சொல்லைப் பார்த்ததுமே மனம் பழைய வழியில் போய்விடுகிறது. வாக்கியத்தின் கடைசியில் வரும் ‘கூடாது’ கண்ணில் நிற்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கைக்கு எதிராக ஒன்றைச் சொல்லும்போது, அந்த நம்பிக்கையின் பெயரைச் சொல்லியே மறுக்க வேண்டும்: ‘வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதையும் கொடுக்காதீர்கள்.’

அதைவிடக் கனமானது கடைசி வரி. ‘மாற்று மருந்து இல்லை’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரலாம். நம் ஊரில் பூச்சிக்கொல்லிக்கும் ‘மருந்து’தான் பெயர், காய்ச்சல் மாத்திரைக்கும் ‘மருந்து’தான் பெயர். அதனால் ஒருவர், “இதுக்குப் பதிலா அடிக்க வேற பூச்சிமருந்து கிடையாதுன்னு சொல்றாங்க” என்பார். இன்னொருவர் விஷமுறிவு என்று சரியாகவே பிடிப்பார். மூன்றாமவர் அதையும் தாண்டிப் போய், “குடிச்சிட்டா வைத்தியமே கிடையாதுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிரயோசனம் இல்ல” என்பார்.

அந்த மூன்றாவது பதில் வரும் வீட்டில், ஓர் உயிர் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்காமலே போய்விடக்கூடும். மூலத்தில் சொன்னது அதுவல்ல. அந்த ஒரு விஷத்தை மட்டும் முறிக்கும் தனி மருந்து கிடையாது. ஆனால் மூச்சுத்திணறலுக்கு, வலிப்புக்கு, ரத்த அழுத்தம் குறைவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. அது டாக்டருக்காக எழுதிய வரி. தமிழாக்கியபோது அதே வரி குடும்பத்துக்கு எழுதியதாக மாறிவிட்டது.

இதை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். குடும்பத்துக்கு: ‘உடனே 108-க்கு போன் செய்யுங்கள். பாட்டிலையும் இந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. தாமதிக்காதீர்கள்.’ டாக்டருக்கு: மூலத்தில் உள்ள வரிகள் அப்படியே, தனிக் கட்டத்துக்குள், ‘இது டாக்டருக்கு’ என்ற தலைப்போடு.

நிறத்தையும் கேளுங்கள்

எழுத்துக்கு மட்டுமல்ல, படத்துக்கும் இந்தச் சோதனை தேவை. பூச்சிக்கொல்லி பாட்டிலில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் உள்ள நிறம் நச்சின் அளவைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. ‘இந்தப் பச்சை எதைச் சொல்லுது?’ என்று கேட்டால், “இது இயற்கை மருந்துங்க” என்றோ, “பயிருக்கு நல்லதுன்னு அர்த்தம்” என்றோ பதில் வரலாம். பச்சை என்பது மற்ற மூன்றைவிட நச்சு குறைவு என்பதைத்தான் காட்டுகிறது. நச்சே இல்லை என்பதை அல்ல. நிறத்துக்குப் பக்கத்தில் ‘பச்சையும் விஷம்தான்’ என்று இரண்டு சொல் போட்டால் சந்தேகம் தீரும்.

‘காற்றுக்கு எதிராகத் தெளிக்காதீர்’ போன்ற வரிகளுக்கு வாயால் பதில் வாங்க வேண்டாம். வாசலுக்கு வரச் சொல்லி, காற்று இந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டி, ‘நீங்க எங்க நிப்பீங்க?’ என்று கேட்டாலே போதும். காற்றைப் பார்த்து நின்றால், மருந்து அவர் முகத்துக்கே வரும். ‘மருந்து உங்கள் மேல் திரும்பி வராதபடி, காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசுமாறு நில்லுங்கள்’ என்று திருத்திவிடலாம்.

திருத்திய பிறகு?

ஆறு பேர் பேசி முடித்ததும், குறிப்புகளை வரி வாரியாக அடுக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே வரியில் தடுமாறினால் அந்த வரியை மாற்றலாம். உயிரோடு சம்பந்தப்பட்ட வரி என்றால் ஒருவர் தடுமாறினாலே மாற்ற வேண்டும்.

தடுமாற்றத்தின் வேர் எங்கே என்றும் பார்க்க வேண்டும். ‘காத்திருப்புக் காலம்’ போல மொழிபெயர்ப்பில் பொருள் தொலைந்திருந்தால், மூலத்துக்குப் போய்த் திரும்ப எழுத வேண்டும். ‘செயல்படு பொருள்’ போலச் சரியான சொல்லாக இருந்தும் ஊருக்குத் தெரியாத சொல்லாக இருந்தால், ஊர்ச் சொல் தேட வேண்டும். அந்தச் சொல் பெரும்பாலும் அந்த ஆறு பேரின் பேச்சிலேயே இருக்கும். ‘20 டேங்க்’ விஷயம் போல மூலமே வயலுக்குப் பொருந்தாவிட்டால், எழுத்தைத் திருத்திப் பயனில்லை. நிபுணரிடம் போக வேண்டும்.

திருத்திய தாளைப் பழைய ஆறு பேரிடமே காட்டக் கூடாது. அவர்களுக்குப் பேச்சின் ஊடாகவே விடை தெரிந்துபோயிருக்கும். புதிதாக ஆறு பேரைத் தேட வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் மனிதர்களுக்கான மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுச்சீட்டை இப்படிச் சோதிப்பது 2004-ல் சட்டமாகவே வந்தது. அங்குள்ள வழிகாட்டுதலில் முதலில் மூன்று முதல் ஆறு பேரிடம் முன்னோட்டம், பிறகு பத்துப் பத்துப் பேராக இரண்டு சுற்று. கேட்ட தகவலை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தாளில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சரியாக விளக்கவும் வேண்டும். ஆனால், அங்கும் ஒரு மொழியில் சோதித்தால் போதும். ஒவ்வொரு மொழிபெயர்ப்பையும் தனித்தனியாகச் சோதிக்கக் கட்டாயம் இல்லை. மேலே பார்த்த தடுமாற்றங்களில் பாதி, ஆங்கிலத்தாளைச் சோதித்திருந்தால் வந்தே இருக்காது. தமிழில், இந்த ஊர்த் தமிழில் கேட்டதால்தான் வந்தன.

சோதனையால் முடியாதவை

ஆறு பேரிடம் கேட்டுவிட்டு, ‘வட்டாரத்தில் இத்தனை சதவிகிதம் பேருக்குப் புரிகிறது’ என்று சொல்ல முடியாது. இது தாளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்கும் வழி மட்டுமே. இன்றைக்குச் சரியாகச் சொன்னவர், மூன்று மாதம் கழித்துக் கொல்லையில் சரியாகச் செய்வார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கையுறை போட வேண்டும் என்று தெளிவாகச் சொல்பவரிடம் கையுறை இல்லாமலிருக்கலாம். அதை எந்த வாக்கியத்தாலும் சரிசெய்ய முடியாது.

இன்னொரு எல்லையும் உண்டு. கம்பெனியின் துண்டுச்சீட்டு அரசின் ஒப்புதல் பெற்றது. குழு அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் தாளைக் கொடுக்கக் கூடாது. தன் தாளைக் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும். அளவு எதையும் மாற்றக் கூடாது. கம்பெனியின் தமிழில் தப்பு கண்டால், வேளாண் துறைக்கும் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிக்கலாம். ‘எங்கள் ஊரில் ஆறு பேரில் மூன்று பேர் இந்த வரியை இப்படிப் புரிந்துகொண்டார்கள்’ என்று அவர்கள் சொன்ன சொற்களோடு எழுதினால், அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

பங்களாதேஷில் பிராக் என்ற அமைப்பு, 1980-களில் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பும் வெல்லமும் கரைத்துக் கொடுப்பதைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுத்த பெண் பணியாளருக்கு, எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை மட்டும் வைத்துக் கூலி கொடுக்கவில்லை. பிறகு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய்த் தாயைச் சொல்லச் சொல்வார். கரைத்துக் காட்டச் சொல்வார். தாய் எவ்வளவு சரியாகச் சொன்னாரோ, அதைப் பொறுத்துப் பணியாளருக்குக் கூலி. ‘நான் சொல்லிவிட்டேன்’ என்பதற்கு அங்கே மதிப்பில்லை. ‘அவர் திருப்பிச் சொன்னார்’ என்பதற்குத்தான் மதிப்பு.

தாளோடு போகும்போது கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. உங்க டேங்க் எத்தனை லிட்டர்? அதில் எவ்வளவு ஊத்துவீங்க? அளந்து காட்டுங்க.
2. இன்னைக்கு மருந்து அடிச்சா, என்னைக்குக் காய் பறிப்பீங்க?
3. காத்து இப்படி வீசினா எங்க நின்னு அடிப்பீங்க?
4. இந்த நிறம் எதைச் சொல்லுது?
5. யாராவது தெரியாம குடிச்சிட்டா முதல்ல என்ன செய்வீங்க? எதைச் செய்ய மாட்டீங்க?
6. இந்தத் தாள்ல எந்த வரியை உங்க வீட்டுல இருக்கிறவங்களுக்குச் சொல்லுவீங்க? எப்படிச் சொல்லுவீங்க?

பேசி முடித்த பிறகு, அவர் தப்பாகப் புரிந்துகொண்ட வரி எதுவோ, அதன் சரியான விளக்கத்தைச் சொல்லாமல் எழுந்து வரக் கூடாது. சோதனை தாளுக்குத்தான் என்றாலும், நாளைக்கு மருந்து அடிக்கப்போவது அவர்.